டீக்கடை கிளாசுக்கு லேபிள் இல்லை

கர்ப்பிணிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காஃபீன் எவ்வளவு? தீவுகளில் நாம் போட வேண்டிய கணக்கு

பிரிட்டிஷ் அரசு 2025 செப்டம்பரில் ஒரு யோசனையை வெளியிட்டது. ஒரு லிட்டரில் 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் கலந்த "எனர்ஜி" பானங்களை 16 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கத் தடை விதிக்கலாம் என்பதே அது. லிதுவேனியா என்ற சிறிய நாடு 2014-லேயே 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இத்தகைய பானங்களை விற்பதைத் தடை செய்துவிட்டது. போலந்து 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதே வழியில் செல்கிறது. சீமையில் நடக்கும் இந்த விவகாரத்துக்கும், போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகி 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் அந்த 150 என்ற எண்ணில் இருக்கிறது.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, "காஃபீன் பானம்" என்ற வகையில் சேர ஒரு பானத்தில் லிட்டருக்குக் குறைந்தது 145 மில்லிகிராம் காஃபீன் இருக்க வேண்டும். 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது, பிரிட்டனில் சிறுவர்களின் கையில் கொடுக்கவே கூடாது என்று சொல்லப்படும் அளவு ஏறக்குறைய எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் நம் நாட்டு எனர்ஜி பானம் ஆரம்பிக்கிறது. இருபது ரூபாய் கொடுத்தால் 250 மில்லி பாட்டில் கிடைக்கிறது. உச்ச அளவில் கலந்திருந்தால் அந்த ஒரு பாட்டிலில் 75 மில்லிகிராம் வரும். ஜங்கிளிகாட்டிலானாலும் அபர்டீன் பஜாரிலானாலும், வாங்க வருபவரின் வயதைக் கடைக்காரர் கேட்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் சொல்லவில்லை.

சட்டம் கேட்பதெல்லாம் லேபிளில் ஓர் எச்சரிக்கை. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல என்று அச்சிட வேண்டும். ஒரு நாளில் 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில், பாட்டிலின் பின்பக்கத்தில். இந்த எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் எத்தனை பேர் கண்ணில் அது படும் என்பதைப் பெற்றோர்கள் தம் வீட்டுப் பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கலாம்.

ஆனாலும் இந்தப் பாட்டிலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. பாட்டிலுக்காவது லேபிள் உண்டு. நாம் காலை முதல் இரவு வரை குடிக்கும் காப்பிக்கும் டீக்கும் அதுவும் கிடையாது.

அளவுகள் எங்கிருந்து வந்தன?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. ஒரு நாளில் 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்பது அதில் சொல்லப்பட்ட பொது வரம்பு. 150 மில்லி டிக்காஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, ஒரு வேளை டீயில் 30 முதல் 65 என்று அந்த வழிகாட்டி கணக்குத் தருகிறது. கர்ப்பிணிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்னதும் இந்த 300-ஐ ஒட்டித்தான்: அதற்கு மேல் குடிக்கும் தாய்மார்கள் குறைத்துக்கொண்டால் கருச்சிதைவும் எடை குறைந்த குழந்தைப் பேறும் குறைய வாய்ப்புண்டு என்றது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் இதைவிடக் கண்டிப்பாக இருக்கின்றன. அவர்களுடைய எண் 200. பிரிட்டன் 2008 வரை 300 என்றுதான் சொல்லிவந்தது. அந்த ஆண்டில் 200 ஆகக் குறைத்தது. லெஸ்டர், லீட்ஸ் என்ற இரு நகரங்களில் 2,635 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு அப்போது வெளிவந்ததே காரணம். 200-ஐத் தாண்டிய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 60, 70 கிராம் எடை குறைந்து பிறந்தன என்று அதில் தெரிந்தது. அந்த ஆய்வில் நமக்கு உறைக்க வேண்டிய செய்தி வேறு ஒன்று. அந்தப் பெண்கள் உட்கொண்ட காஃபீனில் 62 சதவீதம் டீயிலிருந்து வந்தது. காப்பியின் பங்கு 14 சதவீதம்தான். "நான் காப்பியே தொடுவதில்லை, டீ மட்டும்தான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூரண வளர்ச்சி பெற்ற ஒருவரின் உடம்பில் குடித்த காஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதே பாதி கழிய 15 மணி நேரம் வரை பிடிக்கிறது. ஈரல் அந்த வேலையை அவ்வளவு மெதுவாகச் செய்கிறது. காலை 6 மணிக்குக் குடித்த காப்பியின் பாதி இரவு 9 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும் என்று அர்த்தம். அதற்குள் இடையில் குடித்த டீக்கள் அதன் மேல் ஏறிக்கொள்ளும். காஃபீன் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து செல்கிறது. வயிற்றிலுள்ள சிசுவின் ஈரலுக்கோ அதைச் சிதைக்கும் சக்தி இன்னும் வரவில்லை. தாய் கழித்தால்தான் சேய்க்கும் கழியும்.

இவையெல்லாம் கல்லில் செதுக்கிய எல்லைகள் அல்ல. கர்ப்பிணிகளைக் கவனித்து எழுதிய கணக்குகளிலிருந்து வந்தவை. சோதனைச் சாலையில் நிரூபித்தவை அல்ல. 2020-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்றது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவ அமைப்பு அதை ஏற்காமல் 200-லேயே நின்றது. எனவே 201 ஆனவுடன் கேடு என்றோ, 199 என்றால் கவலையில்லை என்றோ கொள்ளக் கூடாது. 300, 200 என்ற இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்றால், 200-ஐ எடுத்துக்கொள்வதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம். நம் பெண்களில் கருத்தரிக்கும்போது 45, 50 கிலோவே இருப்பவர்கள் ஏராளம். ஐரோப்பியப் பெண்ணுக்கு 200 என்றால், அவளைவிட மெலிந்த நம் பெண்ணுக்கு 300 என்பது பொருந்தாத கணக்கு.

ஒரு வீட்டின் கணக்கு

ஓர் உதாரணத்துக்கு ஹேடோ பக்கம் வசிக்கும் ஒரு குமாஸ்தா குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மனைவியும் ஆபீஸுக்குப் போகிறவர். ஐந்து மாதக் கர்ப்பிணி. கணவரின் தம்பி அவர்களோடு தங்கிப் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். 15 வயது, 45 கிலோ எடை.

காலையில் பில்டர் காப்பி. ஒரு டம்ளருக்குச் சுமார் 8 கிராம் பொடி பிடிக்கும். பாக்கெட்டின் மேல் காப்பி 60, சிக்கரி 40 என்று போட்டிருக்கிறது. சிக்கரி என்பது ஒரு கிழங்கை வறுத்து அரைத்த பொடி. அதில் காஃபீன் கிடையாது. ஆக, உண்மையான காப்பி ஏறக்குறைய 5 கிராம்தான். அது அரபிகா கொட்டையானால் கிராமுக்கு 12 மில்லிகிராம் காஃபீன், ரோபஸ்டாவானால் 22. இரண்டும் கலந்த பொடியில், முதல் டிக்காஷனில் பெரும்பகுதி இறங்கிவிடுவதால், டம்ளருக்கு 70 என்று வைத்துக்கொள்ளலாம். சிக்கரி கலந்த பொடியில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம்; எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும். சிக்கரியைக் "கலப்படம்" என்று பழிக்கும் சுத்தக் காப்பிப் பிரியர்கள் வீட்டில் இதே டம்ளர் 100-ஐத் தாண்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அந்தக் கிழங்கு ஓர் உபகாரம்தான்!

பதினோரு மணிக்கு ஆபீஸ் டீ, 40. நாலு மணிக்கு இன்னொன்று, 40. கிளாஸ் சிறியதாயிற்றே என்று தோன்றும். ஆனால் கடையில் போடுவது டஸ்ட் டீ. தூள் பொடியாக இருப்பதால் சாறு சீக்கிரம் இறங்கும். அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருப்பதால் முழுவதும் இறங்கும். மாலை வீட்டுக்கு விருந்தாளி வந்தார், அவரோடு ஓர் இன்ஸ்டன்ட் காப்பி. சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் பொடியில் காஃபீன் 2.8 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஒரு தேக்கரண்டி 2 கிராம் என்றால் 55-க்குக் குறையாது. இதுவரை 205.

கிளாசில் ஊற்றிக் கொடுத்த கோலா பானத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அத்தகைய பானங்களில் லிட்டருக்கு 145 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. 250 மில்லிக்கு அதிகபட்சம் 36. கூட்டினால் 241. இரவில் தலைவலி. சாரிடான் மாத்திரை ஒன்றில் 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. மற்ற பல தலைவலி, ஜலதோஷ மாத்திரைகளிலும் 30 முதல் 65 வரை சேர்க்கிறார்கள். கர்ப்பிணிகள் இத்தகைய மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அதற்குக் காஃபீன் அல்லாத காரணங்களும் உண்டு. தெரியாமல் போட்டுக்கொண்டால் 291.

அன்று அந்தப் பெண் அளவுக்கு மீறி எதையும் குடித்துவிடவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால், "ஒரு காப்பி, இரண்டு டீ" என்றுதான் சொல்வார். அது பொய்யுமல்ல. விருந்தாளிக்காகக் குடித்ததும், கோலாவும், மாத்திரையும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. மறைந்திருக்கும் காஃபீன் என்பது இதுதான்.

சரி, நாளையிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன் என்று புறப்படுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழகிய உடம்புக்குக் காஃபீன் திடீரென்று நின்றால், அன்றோ மறுநாளோ தலை இடிக்கும். அசதியும் எரிச்சலும் வரும். ஞாயிற்றுக்கிழமை காப்பி தாமதமானால் தலை கனக்கிறவர்களுக்கு இது புரியும். அந்தத் தலைவலிக்கு மாத்திரை போட்டால், நிறுத்தியது மாத்திரை வழியாகத் திரும்பி வரும், வலியும் நிற்கும். "மாத்திரை கேட்டது" என்று நினைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பதே சரி. காலைக் காப்பியை வைத்துக்கொண்டு, இரண்டு டீயில் ஒன்றை "லைட்"டாகக் கேட்டு வாங்கி, மாலைக் காப்பியையும் கோலாவையும் விட்டாலே 130, 140-ல் நிற்கும். யாரும் காப்பியைத் துறந்து சந்நியாசம் வாங்க வேண்டியதில்லை.

எதற்கு மாறுவது என்பதிலும் கவனம் வேண்டும். பச்சைத் தேயிலையும் லெமன் டீயும் உடம்புக்கு நல்லது என்று கர்ப்பிணிகளுக்குச் சிபாரிசு செய்வோர் உண்டு. இரண்டும் தேயிலைதான், காஃபீன் உண்டு. பால் இல்லாததால் லெமன் டீயில் காஃபீன் குறைந்துவிடுவதில்லை. சாக்லெட் மணமுள்ள மால்ட் பானங்களில் கொக்கோவால் வரும் காஃபீன் சொற்பம். அதற்காகப் பயப்பட வேண்டாம். சுக்குமல்லிக் காப்பியில் பெயரில்தான் காப்பி. ஆனால் சில கடைகளில் நிறத்துக்காக ஒரு சிட்டிகை காப்பிப் பொடி போடுவார்கள், கேட்டுக்கொள்வது நல்லது. பன்னீர் சோடாவிலும் எலுமிச்சை சோடாவிலும் கிடையாது. நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பாய் இருந்தால் உண்டு, சிவப்பாய் இருந்தால் இல்லை என்ற எண்ணம் தவறு.

டீயைப் பற்றி இன்னொரு வார்த்தை. தேயிலையிலுள்ள டானின், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்காமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்று 2024 வழிகாட்டி சொல்வது இதனால்தான். ரத்தசோகைக்கென்று அரசு ஆஸ்பத்திரியில் தரும் இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர், அதன் பலனில் ஒரு பங்கை அந்த டீயிலேயே இழந்துவிடுகிறார்.

பையனின் கணக்கு

பிள்ளைகளுக்கு ஐரோப்பிய ஆணையம் வைத்திருக்கும் வரம்பு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு ஒரு நாளில் 3 மில்லிகிராம். கனடா இன்னும் குறைத்து 2.5 என்கிறது. மூன்று என்றே எடுத்துக்கொண்டாலும், நம் உதாரணத்திலுள்ள 45 கிலோ பையனுக்கு 135. நாற்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 120. பதினைந்து வயதுப் பையன் உயரத்தில் அண்ணனுக்குச் சமமாக நிற்பான். ஆனால் எடை பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அண்ணன் குடிக்கும் அளவு தம்பிக்கு ஆகாது.

காலை டீ 40. மாலை ட்யூஷன் முடிந்து நண்பர்களோடு ஓர் எனர்ஜி பாட்டில், 75. இரவு கண் விழித்துப் படிக்க ஓர் இன்ஸ்டன்ட் காப்பி, 55. மொத்தம் 170. வரம்பை 35 தாண்டிவிட்டான். பாட்டில் இல்லாவிட்டால் 95, கவலையில்லை. பாட்டில் ஒன்று மட்டும் என்றாலும் கவலையில்லைதான். இரண்டும் ஒரே நாளில் சேர்வதுதான் தொல்லை. பரீட்சைக் காலத்தில் அது தினமும் சேர்கிறது.

இந்தத் தீவுகளில் அதற்கு ஒரு தனிக் கெடுதல் உண்டு. கல்கத்தாவுக்கும் கிழக்கே இருந்துகொண்டு நாம் டில்லி மணியை வைத்து வாழ்கிறோம். காலை ஐந்து மணியளவில் விடிந்துவிடுகிறது. மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. பையன் எவ்வளவு நேரம் விழித்தாலும், விடிகாலை வெளிச்சம் அவனைப் படுக்கையில் விடாது. மாலை 6 மணிக்குக் குடித்த 75-ல் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். 10 மணிக்குக் குடித்த காப்பி அதன் மேல். பன்னிரண்டுக்குப் படுத்தாலும் உறக்கம் பிடிக்காது, ஐந்துக்கு வெளிச்சம். மறுநாள் வகுப்பில் தூக்கம். அதைப் போக்க மீண்டும் பாட்டில். படித்தது மனதில் பதிவது உறக்கத்தில்தான் என்பதால், விழித்த நேரத்தில் சம்பாதித்ததை உறங்காத நேரத்தில் தொலைக்கிறான்.

அளவு மிஞ்சியதைப் பெற்றோர்கள் கண்டுகொள்ளலாம். கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, வயிற்றுப் புரட்டல், காரணமில்லாத கோபம், படுத்தும் வெகுநேரம் புரளுதல் ஆகியவை அடையாளம். இவை குறைத்தால் அடங்கும். ஆனால் இரண்டு மூன்று பாட்டில்களை அடுத்தடுத்துக் குடித்த பையன் நெஞ்சு வலிக்கிறது என்றாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ, மயங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அரசு என்ன செய்ய முடியும்?

பள்ளிகளிலிருந்து 500 மீட்டருக்குள் காஃபீன் மிகுந்த பானங்களை விற்கத் தடை கொண்டுவரப்படும் என்று மராட்டிய அமைச்சர் ஒருவர் 2024 ஜூலையில் சட்டமன்ற மேலவையில் அறிவித்தார். அந்தமானில் சட்டமன்றம் கிடையாது. ஆனால் இதற்கு அது தேவையுமில்லை. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு, பொது சுகாதாரத்தை முன்னிட்டு ஓர் உணவுப் பொருளின் விற்பனையைத் தம் பகுதி முழுவதிலுமோ ஒரு பகுதியிலோ ஓராண்டு வரை தடுக்க உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. பல மாநிலங்களில் குட்கா இந்தப் பிரிவின் கீழ்தான் தடுக்கப்பட்டது. பெரும்பாலான சரக்கு கப்பலில் சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வந்து இறங்கும் தீவுகளில், அத்தகைய ஓர் உத்தரவை நடைமுறைப்படுத்துவது பெருநிலத்தைவிட எளிது.

ஆனால் எனர்ஜி பானத்தைக் குட்காவோடு ஒன்றாக நிறுத்தி முழுத் தடை கேட்பது மிகை. வயது வந்தவர் ஒருவர் ஒரு பாட்டில் குடித்தால் அவருக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. பள்ளி வாசலை ஒட்டிய கடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். லேபிளிலுள்ள எச்சரிக்கையைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் கடையில் எழுதி வைக்கச் சொல்லலாம். லேபிளில் காஃபீன் அளவோ எச்சரிக்கையோ இல்லாத பாட்டிலைக் கண்டால் 1800 11 2100 என்ற ஆணையத்தின் கட்டணமில்லாத எண்ணுக்குத் தெரிவிக்கலாம். டீக்கடைக் கிளாசுக்கு மட்டும் எந்த உத்தரவும் எட்டாது. அதற்கு ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து, அன்று குடித்ததையெல்லாம் இரவில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.